இல்லாத புன்மையத்திக்கு இரண்டு புள்ளி

புள்ளி குறைந்துவிட்டதென்று ஆசிரியருக்கு மாணவர் கடிதம் எழுதுவதை நம்மவர் சமூகம் இன்னமும் ஒரு குற்றமாகவே கருதி வருகின்றது. கடிதம் எவ்வளவு பணிவாக எழுதப்பட்டிருந்தாலும் சரி, அதிலுள்ள நியாயம் எத்துணை தெளிவாயிருந்தாலும் சரி, ‘குருவை எதிர்த்தாள்’ என்ற ஒரே வாக்கியத்தில் விசாரணை முடிந்துவிடுகின்றது. அந்த வாக்கியத்தை எதிர்த்தே இதனை எழுதுகின்றேன். பொதுவாகப் பேசி நழுவிவிடாமல் இருப்பதற்காக, என் கைக்கு வந்த ஒரு கடிதத்தை முழுமையாக முன்வைத்தே பேசவிருக்கின்றேன்.

கடிதத்தை எழுதியவர் ஹெந்தளையில் எங்கள் அயலில் வசிக்கும் ஒரு மாணவி. உயர்தர முதலாம் ஆண்டில் உயிரியல் பயில்கின்றார். காலையில் களனி ஆற்றைக் கடந்து கொழும்புப் பக்கம் பள்ளிக்கூடம். வார இறுதியில் வெள்ளவத்தைவரை தனியார் வகுப்பு. நம்மிடத்துப் பிள்ளைகளின் வழக்கமான அலைச்சல்தான். பாடசாலையின் பெயரையோ ஆசிரியையின் பெயரையோ நான் குறிப்பிடப்போவதில்லை. எனது சண்டை அவர்களோடு அன்று; அவர்களைப் பிடித்தாட்டும் ஒரு வழக்கத்தோடு. கடிதத்தை வெளியிட மாணவியும் தாயாரும் இசைந்தனர். பெயர்களை நீக்கித் தருகின்றேன்.

அதற்கு முன்னர் தமிழகத்திலும் பிற நாடுகளிலும் இருந்து வாசிப்போருக்கு ஒரு சிறு அகராதி. இலங்கைப் பாடநூலில் ‘கலம்’ என்பது உங்கள் செல். ‘நிறமூர்த்தம்’ குரோமோசோம். ‘அரைநிறவுரு’ குரோமாட்டிட். ‘மையப்பாத்து’ சென்ட்ரோமியர். ‘புன்மையத்தி’ சென்ட்ரியோல். ‘இழையுருப்பிரிவு’ மைட்டாசிஸ்; ‘ஒடுக்கற்பிரிவு’ மையோசிஸ். நிறமூர்த்தங்கள் கலத்தின் நடுவில் வரிசைகட்டி நிற்கும் நிலை ‘அனுவவத்தை’, அதாவது மெட்டாபேஸ். அவை பிரிந்து இரு முனைகளை நோக்கிச் செல்லும் நிலை ‘மேன்முகவவத்தை’, அதாவது அனாபேஸ். (நமது ‘அனு’வும் ஆங்கிலத்தின் ‘அனா’வும் காதுக்கு ஒன்றுபோல ஒலித்து வெவ்வேறு நிலைகளைக் குறிப்பதால், மொழிமூலம் மாறும் பிள்ளைகள் இவ்விடத்தில் தடுக்கி விழுவதுண்டு. அதேவேளை மைட்டாசிஸ், மையோசிஸ் என்ற இரட்டைப் பிள்ளைக் குழப்பம் தமிழில் கற்பவருக்கு இல்லை. கலைச்சொல் ஆக்கியவர்களுக்கு அந்த அளவில் நன்றி சொல்லலாம்.)

இனிக் கடிதம்.

“மதிப்புக்குரிய ஆசிரியை அவர்கட்கு,

வணக்கம். இத்தவணைப் பரீட்சையில் உயிரியல் பகுதி இரண்டின் வரைபட வினாவுக்கு எனக்கு 10 இல் 5 புள்ளிகள் கிடைத்துள்ளன. நேரம் கிடைக்கும்போது அவ்விடையை மீண்டும் ஒருமுறை பார்த்துத் தருவீர்களா எனத் தயவுடன் கேட்டுக்கொள்கிறேன். விடைத்தாளின் பிரதியை இணைத்துள்ளேன்.

வினா: 2n = 4 ஆகவுள்ள தாவரக் கலமொன்றின் இழையுருப்பிரிவில் அனுவவத்தையையும் மேன்முகவவத்தையையும் வரைந்து பெயரிடுக.

இரண்டு படங்களிலும் புன்மையத்தி வரையப்படவில்லை என்று படத்துக்கு ஒன்றாக 2 புள்ளிகள் குறைக்கப்பட்டுள்ளன. வினாவில் தாவரக் கலம் என்று இருந்தபடியால் நான் அவற்றை வரையவில்லை. உயர்தாவரக் கலங்களில் புன்மையத்தி இல்லை என்று வகுப்பில் கலக் கட்டமைப்பைப் படித்தபோது குறிப்பு எழுதியிருக்கிறேன்.

மேன்முகவவத்தைப் படத்தில் நான் 8 நிறமூர்த்தங்கள் வரைந்ததற்கு 2 புள்ளிகள் குறைக்கப்பட்டு, ‘2n = 4 அல்லவா?’ என்று எழுதப்பட்டுள்ளது. மையப்பாத்துப் பிரிந்த பிறகு ஒவ்வோர் அரைநிறவுருவும் தனி நிறமூர்த்தமாகக் கொள்ளப்படும் என்று விளங்கிக்கொண்டதால், முனைக்கு 4 வீதம் 8 வரைந்தேன்.

நான்கு நிறமூர்த்தங்களையும் ஒரே நீளத்தில் வரைந்ததற்குக் குறைக்கப்பட்ட 1 புள்ளி சரியானதே. இரண்டு சோடிகளையும் நீளத்தால் வேறுபடுத்தியிருக்க வேண்டும். அதைப் பற்றி நான் கேட்கவில்லை.

என் விளக்கம் பிழையாயின் எவ்விடத்தில் பிழை என்று சொல்லித் தந்தால் திருத்திக்கொள்வேன். தங்கள் நேரத்தை எடுத்துக்கொள்வதற்கு மன்னிக்கவும்.

இங்ஙனம்,
தங்கள் மாணவி”

இதனை ‘எதிர்த்துப் பேசுதல்’ என்று வகைப்படுத்துவதற்கு எந்த இலக்கணம் இடம் தருகின்றது என்று எனக்கு விளங்கவில்லை. பத்திரிகை அலுவலகத்தில் முப்பது ஆண்டுகள் வாசகர் கடிதங்களோடு காலம் கழித்தவன் என்ற முறையில் சொல்கின்றேன்: இது வகையான கடிதம். எந்த வினா, எத்தனை புள்ளி, எதற்காகக் குறைந்தது, தன் காரணம் என்ன என்பவை அனைத்தும் ஒரு பக்கத்துக்குள் இருக்கின்றன. அதைவிட முக்கியமானது, தனக்குப் பாதகமான ஒரு புள்ளியைத் தானே ஒப்புக்கொண்டிருப்பது. புள்ளி பிச்சை கேட்பவர் தன் தட்டிலிருந்து ஒரு காசை எடுத்துத் திருப்பிக் கொடுப்பதில்லை.

பிச்சைக் கடிதமும் உண்டு. அதையும் நான் பார்த்திருக்கின்றேன். ‘இன்னும் மூன்று புள்ளி கிடைத்தால் ஏ சித்தி’, ‘அம்மாவுக்குச் சுகமில்லாததால் படிக்க முடியவில்லை’, ‘உங்களைத் தெய்வமாக நினைக்கிறேன்’ என்று போகும். அதில் பணிவு வழிந்தோடும். வினா இலக்கம் மட்டும் இராது. நமது ஆசிரியர் அறைகள் அந்தக் கடிதத்தைப் பொறுத்துக்கொள்கின்றன, சில வேளைகளில் இரங்கியும் விடுகின்றன. காரணம் கேட்கும் கடிதத்தைக் கண்டால்தான் சினம் பொங்குகின்றது. அழுபவளுக்கு மூன்று புள்ளி, காட்டிக் கேட்பவளுக்குக் கண்டனம் என்றால் அங்கே மதிக்கப்படுவது எது?

நடந்தது இதுதான். கடிதம் ஆசிரியர் அறையில் கைமாறியது. அடுத்த பாடவேளையில் பெயர் சொல்லாமல், ஆனால் எல்லோருக்கும் தெரியும்படி, ‘இப்போது பிள்ளைகள் எங்களுக்குப் படிப்பிக்கிறார்கள்’ என்று சொல்லப்பட்டது. தாயார் அழைக்கப்பட்டார். அவரிடம் ஒரு தனியார் வழிகாட்டி நூலின் பக்கம் காட்டப்பட்டது. அங்கே அனுவவத்தைப் படத்தின் இரு முனைகளிலும் புன்மையத்திகள் அழகாக இருந்தன. படத்தின் கீழே ‘விலங்குக் கலம்’ என்று அச்சிட்டிருந்ததைத் தாயார் கவனித்தார், வாய் திறக்கவில்லை. ‘வளர்ந்து வரும் பிள்ளை, இப்படிப் பழக்காதீர்கள்’ என்ற அறிவுரையோடு திரும்பி வந்தார்.

சரி, விடயத்துக்கு வருவோம். மாணவி சரியா?

முதலாவது தகராறு, புன்மையத்தி. விலங்குக் கலம் பிரியும்போது கதிரின் இரு முனைகளிலும் சோடிப் புன்மையத்திகள் நிற்கும். அவற்றைச் சுற்றி உடுப்போல நுண்ணிழைகள் விரியும். பூக்குந் தாவரத்தின் கலத்தில் இவை இல்லை. அவை இல்லாமலேயே கதிர் உருவாகின்றது. அதன் முனைகள் கூராகக் குவியாமல் சற்றே அகன்றிருக்கும். விதிவிலக்கைக் கேட்பவர் கேட்கட்டும்: பாசித் தாவரங்கள், பன்னங்கள், சைக்கசு போன்றவற்றில் நீந்திச் செல்லும் ஆண் புணரிகள் தோன்றும் கட்டத்தில் புன்மையத்தி தோன்றுவதுண்டு. ஆனால் உயர்தர வினாத்தாளில் ‘தாவரக் கலம்’ என்று மட்டும் போட்டால் வேர்நுனிக் கலத்தையே எவரும் கருதுவர். அப்படியான கலத்தில் புன்மையத்தி வரைந்த பிள்ளைக்குத்தான் புள்ளி குறைய வேண்டும். இங்கே வரையாத பிள்ளைக்குக் குறைந்தது. வரைந்த பிள்ளைகளுக்குக் கிடைத்தது.

இரண்டாவது தகராறு சற்று நுட்பமானது. ஆசிரியைக்கு நியாயம் வழங்க வேண்டுமாயின் அதன் குழப்பத்தையும் சொல்லவேண்டும். நிறமூர்த்தங்களை எண்ணுவதற்கு ஒரு நடைமுறை விதி உண்டு: மையப்பாத்துகளை எண்ணு. அனுவவத்தையில் ஒவ்வொரு நிறமூர்த்தமும் இரண்டு அரைநிறவுருக்களால் ஆனது. ஆனால் அவை ஒரே மையப்பாத்தில் பிணைந்து நிற்கின்றன. எனவே 2n = 4 ஆன கலத்தில் 4 நிறமூர்த்தங்கள், 8 அரைநிறவுருக்கள். மேன்முகவவத்தை தொடங்கும் கணத்தில் பிணைப்பு அறுகின்றது. அறுந்ததும் ஒவ்வொன்றும் தனக்கென மையப்பாத்துடைய தனி நிறமூர்த்தம். ஆகவே பிரிந்து முடியாத அந்த ஒரே கலத்துக்குள் சிறிது நேரம் 8 நிறமூர்த்தங்கள் இருக்கின்றன. அரைநிறவுரு என்று சொல்ல எதுவும் இல்லை. டி.என்.ஏ.யின் அளவு கூடவில்லை. எண்ணும் முறைதான் மாறியது. பின்னர் கலம் இரண்டாகும்போது மகட்கலத்துக்கு 4 என்று கணக்குச் சரியாகின்றது.

‘2n = 4 அல்லவா?’ என்று சிவப்பு மையால் எழுதிய கை, 4 என்ற எண் தொடக்கம் முதல் முடிவு வரை மாறாதது என்று எண்ணியிருக்கின்றது. அப்படியாயின் முனைக்கு 2 வீதம் வரைந்திருக்க வேண்டும் என்றாகின்றது. முனைக்கு இரண்டு சென்றால் மகட்கலத்தில் இரண்டுதான் இருக்கும். அது பாதியாகும் பிரிவு, அதாவது ஒடுக்கற்பிரிவு! மாணவியின் படத்தைப் பிழையென்று வெட்டிய திருத்தம், வினா கேட்காத வேறொரு பிரிவை விடையாகக் கேட்டிருக்கின்றது.

வரைபடத்தைத் திருத்துவது என்றால் என்ன என்ற கேள்வி இங்கேதான் எழுகின்றது. நம்மிற் பலருக்கு அது ஓவியப் போட்டி. கோடு சுத்தமா, வட்டம் வட்டமா, பென்சில் கூரா என்று பார்த்து ஒரு மொத்த எண் போடுவது. ஆனால் இழையுருப்பிரிவுப் படத்தின் ஒவ்வொரு கோடும் ஒரு கூற்று. கலத்தைப் பெட்டிபோல வரைந்து சுவர் போட்டால் ‘இது தாவரம்’ என்று மாணவி சொல்கின்றாள். நிறமூர்த்தங்களை ஒற்றை வரிசையில் நடுத்தளத்தில் நிறுத்தினால் ‘இது இழையுருப்பிரிவு’ என்கின்றாள். அமைப்பொத்த சோடிகளை அருகருகே நிறுத்தியிருந்தால் ஒடுக்கற்பிரிவின் முதற்பிரிவைச் சொல்லியிருப்பாள். மேன்முகவவத்தையில் ஒவ்வொன்றையும் ‘V’ வடிவில் வளைத்து, அதன் கூர்முனை முனைவை நோக்க வரைந்தால், கதிர்நார் பற்றியிருப்பது மையப்பாத்தில், புயங்கள் பின்னே இழுபடுகின்றன என்று சொல்கின்றாள். அந்த வளைவைத் தலைகீழாகப் போட்ட பிள்ளைக்கு என்ன விளங்கவில்லை என்பது அக்கணமே தெரிந்துவிடும். இப்படி ஒவ்வொரு கூற்றுக்கும் ஒரு புள்ளி என்று முன்கூட்டியே பிரித்து எழுதிவைத்தால் அதுதான் புள்ளியிடும் திட்டம். நமது பரீட்சைத் திணைக்களம் தேசியப் பரீட்சைகளுக்கு அத்தகைய திட்டங்களைத் தயாரிக்கின்றது. மதிப்பீட்டு அறிக்கைகளாக அச்சிட்டு விற்றும் இருக்கின்றது. பாடசாலைத் தவணைப் பரீட்சைக்கு அது ஏன் வேண்டாம்?

‘நேரமில்லை’ என்பார்கள். அது பொய்யன்று. ஒரு வகுப்பில் முப்பத்தைந்து பிள்ளைகள், அப்படி மூன்று வகுப்புகள், நூற்றுக்கு மேற்பட்ட விடைத்தாள்கள். இதற்கிடையில் அதிபர் கேட்கும் படிவங்கள். ஆயினும் பத்து வரியில் ஒரு திட்டம் எழுத அரை மணித்தியாலம் போதும். நூறு விடைத்தாளுக்கு முன்னால் அந்த அரை மணித்தியாலம் செலவல்ல, சேமிப்பு. வழிகாட்டி நூலின் படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒப்பிட்டுத் திருத்துவதுதான் இங்கே வினை விளைத்தது. திட்டம் எழுத உட்கார்ந்திருந்தால் வினாவிலுள்ள ‘தாவர’ என்ற சொல் கண்ணில் பட்டேயிருக்கும்.

வரைபடத்தை அலங்காரமாக நினைப்பவர்களுக்கு இந்தப் பாடத்தின் பிறப்பையே நினைவூட்டலாம். ஜெர்மனியின் கீல் நகரில் பணியாற்றிய வால்தர் பிளெமிங், கலப்பிரிவு பற்றிய தமது பெருநூலை 1882 இல் வெளியிட்டார். சலமந்தர் குடம்பிகளின் கலங்களுக்குச் சாயமூட்டி நுணுக்குக்காட்டியின்கீழ் வைத்து, கண்டதைக் கையால் வரைந்தார். இழையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து மைட்டாசிஸ் என்ற பெயரைத் தந்தவரும் அவரே. நமது ‘இழையுரு’ அதன் நேர் வாரிசு. தாவரக் கலங்களில் அதே வேலையைச் செய்தவர் எடுவார்ட் ஸ்திராஸ்புர்கர். அவ்விருவர் கையிலும் வரைபடமே சான்று. இத்தனை இழைகள், இவ்விடத்தில், இத்திசையில் என்று வரைந்ததை வைத்தே மற்றவர்கள் அவர்களோடு வாதிட்டார்கள். விலங்கில் ஒன்று, தாவரத்தில் வேறொன்று என்பதும் அந்த வாதங்களினூடேதான் துலங்கியது.

அதிகாரத்தின் வாயால் வந்த எண் பிழைத்த கதையும் இதே பாடத்தில் உண்டு. மனிதக் கலத்தில் எத்தனை நிறமூர்த்தங்கள்? அமெரிக்க விலங்கியலாளர் தியோபிலஸ் பெயின்டர் 46 அல்லது 48 என்று தொடக்கத்தில் தயங்கி, 1923 இல் 48 என்று முடிவுகட்டினார். அவர் பெரியவர், கவனமானவர். அந்த 48 முப்பதாண்டுக்கு மேலாகப் பாடநூல்களில் அமர்ந்திருந்தது. 1956 இல் சுவீடனின் லுண்ட் நகரில் ஆய்ந்த ஜோ ஹின் தியோவும் ஆல்பர்ட் லெவானும் கலங்களை உப்பச்செய்து பரப்பி நிறமூர்த்தங்களைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்கும் முறையால் மீண்டும் எண்ணினர். 46. இன்று அதுவே எண். அந்த இடைப்பட்ட ஆண்டுகளில் எங்கேனும் ஒரு மாணவி 46 என்று எழுதியிருந்தால் அவளுக்குப் புள்ளி குறைந்திருக்கும். கடிதம் எழுதியிருந்தால் தாயார் அழைக்கப்பட்டிருப்பார்.

‘தவணைப் பரீட்சைதானே, நான்கு புள்ளிக்காக இவ்வளவு ஆர்ப்பாட்டமா’ என்று கேட்பவர்களே, கொஞ்சம் பொறுங்கள். அந்த நான்கு புள்ளியால் அவளுக்குப் பல்கலைக்கழகம் கைநழுவப்போவதில்லை. எனக்குக் கவலை தருவது வேறு. விடைத்தாள் கொடுத்த நாளன்று வகுப்பு முழுவதும் ‘திருத்தம்’ எழுதியது. முப்பத்தைந்து கொப்பிகளிலும் தாவரக் கலத்தின் இரு முனைகளில் புன்மையத்திகள் ஏறின. மேன்முகவவத்தையில் எட்டு நான்காகக் குறைந்தது. இவர்கள் அடுத்த ஆண்டு க.பொ.த. உயர்தரப் பரீட்சைக்கு அமர்வார்கள். அங்கே திருத்துபவரிடம் திட்டம் இருக்கும். அந்தத் திட்டத்தில் தாவரக் கலத்துக்குப் புன்மையத்தி இராது. அங்கே இழக்கும் புள்ளி இசட் புள்ளியின் தசமத்தில் விழும். மாவட்ட ஒதுக்கீட்டின் விளிம்பில் நிற்கும் பிள்ளைக்கு மருத்துவபீடமா, அடுத்த வருடமா என்பதை அந்தத் தசமம் தீர்மானிக்கும். இவள் ஒருத்தி கடிதம் எழுதியது மற்ற முப்பத்து நான்கு பேருக்கும் சேர்த்து அடித்த மணி.

அந்தத் தேசியப் பரீட்சையிலாவது கேட்க வழியுண்டா? மீள் பரிசீலனைக்கு விண்ணப்பிக்கலாம். விண்ணப்பித்தவர் கைக்கு வருவது பெறுபேறு, மாறியது அல்லது மாறவில்லை என்று. தனது விடைத்தாளில் எந்தக் கோட்டுக்கு எந்தப் புள்ளி போயிற்று என்று காணும் வாய்ப்பு அவருக்குக் கிட்டுவதில்லை. மேற்கண்டது போன்றதொரு கடிதத்தை அங்கே எழுதவே முடியாது. ஏனெனில் எதைக் குறிப்பிட்டு எழுதுவது? 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தபோது எனக்குச் சிறிது நம்பிக்கை பிறந்தது. அதிலும் பரீட்சையின் நேர்மைக்குப் பாதகமான தகவலை மறுக்கலாம் என்றொரு விலக்கு இருக்கின்றது. நடக்கும் பரீட்சையின் வினாத்தாளைக் காப்பதற்கு அந்த விலக்கு வேண்டும், மறுக்கவில்லை. முடிந்து, திருத்தி, பெறுபேறும் வெளிவந்துவிட்ட பரீட்சையில், எழுதியவருக்கே அவர் எழுதியதைக் காட்டுவதால் எந்த நேர்மை கெடும்?

அக்கரையில் இக்கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. 2008 இல் இந்தியாவின் மத்திய இடைநிலைக் கல்வி வாரியப் பரீட்சை எழுதிய ஒரு மாணவர், தம் விடைத்தாளைப் பார்க்க வேண்டுமென்று கேட்டார். வாரியம் மறுத்தது. 2009 இல் கல்கத்தா உயர்நீதிமன்றம் காட்டச் சொன்னது. வாரியம் உச்சநீதிமன்றம் சென்றது. 2011 ஆகஸ்ட் 9 அன்று உச்சநீதிமன்றம், திருத்தப்பட்ட விடைத்தாள் ஒரு தகவலே, எழுதியவர் அதனைப் பார்க்கவும் பிரதி பெறவும் உரிமையுடையவர் என்று தீர்த்தது. அந்தத் தீர்ப்பின் எல்லையையும் சொல்லிவிடவேண்டும். பார்க்கும் உரிமை, மறுபடி திருத்தச் சொல்லும் உரிமையைத் தகவல் சட்டத்தின்கீழ் தராது என்றும், திருத்தியவரின் பெயரை மறைக்கலாம் என்றும் அதே நீதிமன்றம் கூறியது. எனக்கு அது மிகச் சரியான எல்லையாகவே படுகின்றது. 1984 இல் மகாராஷ்டிர வாரிய வழக்கில் பார்க்கும் உரிமையே கிடையாது என்று சொன்ன நீதிமன்றம் அது. அதற்கிடையில் தகவல் உரிமைச் சட்டம் வந்து நிலத்தை மாற்றியிருந்தது. தமிழ்நாட்டில் பிளஸ் டூ மாணவர் விடைத்தாள் நகலைப் பெற்று, பார்த்து, பிறகு மறுமதிப்பீடு கேட்பது இன்று சாதாரண நடைமுறை. அந்நாட்டு ஆசிரியர் குலத்தின் மானம் அதனால் கப்பலேறியதாகத் தெரியவில்லை.

மறுதிருத்தம் ஊழலுக்கு வழிவகுக்கும் என்பார்கள். வகுத்தும் இருக்கின்றது, 2018 இல் அண்ணா பல்கலைக்கழகத்தில் மறுமதிப்பீட்டில் பணம் வாங்கி மதிப்பெண் உயர்த்தியதாக ஊழல் தடுப்புப் பிரிவு வழக்குப் பதிந்தது. ஆனால் அது பூட்டிய அறைக்குள், காரணம் எழுதாமல் எண்ணை மாற்றக்கூடிய இடத்தில் நிகழ்வது. ‘தாவரக் கலம் என்பதால் புன்மையத்தி தேவையில்லை, 2 புள்ளி சேர்க்கப்பட்டது’ என்று ஒரு வரி எழுதவேண்டியிருந்தால், விற்பதற்கு அங்கே சரக்கு இல்லை.

ஆசிரியைக்கு ஒரு வார்த்தை. நீங்கள் மாணவியை நம்ப வேண்டாம். என்னையும் நம்ப வேண்டாம். ஒரு பெரிய வெங்காயத்தை நீர்நிறைந்த குவளையின் வாயில் வேர்ப்பக்கம் தொடும்படி வைத்துவிடுங்கள். சில நாட்களில் வேர் இறங்கும். நுனியில் ஓரிரு மில்லிமீற்றரை வெட்டி, ஐதான ஐதரோகுளோரிக் அமிலத்தில் சில நிமிடம் இளஞ்சூட்டில் வைத்து மெதுவாக்கி, அசற்றோகாமைன் சாயமிட்டு, மூடிவில்லைக்குக் கீழே விரலால் மெல்ல அமுக்குங்கள். நுனியைத் தவறவிட்டு மேலிருந்து வெட்டினால் பிரியும் கலம் ஒன்றும் அகப்படாது. நீண்ட கலங்களாகவே தெரிந்தால் வெட்டிய இடம் பிழையென்று கொள்ளுங்கள். சரியாக வந்தால் பெரும்பாலான கலங்கள் இடையவத்தையில்தான் இருக்கும்; பொறுமையாகத் தேடினால் இரு கூட்டங்களாகப் பிரிந்து செல்லும் மேன்முகவவத்தை ஒன்று கண்ணில் படும். வெங்காயத்துக்கு 2n = 16. நன்கு பரவிய கலம் வாய்த்தால் ஒரு பக்கத்துக் கூட்டத்தை எண்ணிப்பாருங்கள். எட்டு வராது, பதினாறு வரும். மற்றப் பக்கத்தில் இன்னுமொரு பதினாறு. முனைகளில் உடு வடிவம் எதுவும் தென்படாது.

மாணவியின் கடிதத்துக்கு இதுவரை பதில் இல்லை. அடுத்த தவணை தொடங்கிவிட்டது; வகுப்பு ஒடுக்கற்பிரிவுக்கு நகர்ந்திருக்கின்றது. எழுத்தில் பதில் கொடுக்க மனமில்லையாயின் கொடுக்க வேண்டாம், புள்ளியும் ஐந்தாகவே இருக்கட்டும். ஒடுக்கற்பிரிவின் படத்தை வரையத் தொடங்குமுன், அந்த முப்பத்தைந்து கொப்பிகளையும் திறக்கச் சொல்லி, இழையுருப்பிரிவுப் படங்களிலிருந்து புன்மையத்திகளை அழிப்பித்து, நான்கை மீண்டும் எட்டாக்கிவிட வேண்டும்.